லாரி ஏறினால் விற்பனை ஆகாது

புரட்டாசி முடியும் நேரம். ஈரோட்டு மொத்த வியாபாரி ஒருவரின் குடோனிலிருந்து இருபது பேல் பெட்ஷீட், பேலுக்கு ஐம்பது வீதம் ஆயிரம் பெட்ஷீட், திருநெல்வேலிக்கு லாரி ஏறுகிறது. எல்லாம் சென்னிமலை நெசவு. வாங்கப் போகிறவர் யாரென்று அனுப்புகிறவருக்கும் தெரியாது, இறக்கிக்கொள்ளப் போகிறவருக்கும் தெரியாது. இரவு போன் போகிறது.

"அண்ணாச்சி, ஆயிரம் போட்டு விட்டிருக்கேனுங்க. எப்படிப் போகுதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

"சரி முதலாளி. தீவாளிக்குள்ள முக்காவாசி போயிரும்லா, கவலைய விடுங்க."

விலை பேசவில்லை. பணம் எப்போது வரும் என்றும் பேசவில்லை. ஏனென்றால் அண்ணாச்சி சரக்கை வாங்கவில்லை. அவர் ஏஜென்ட். முதலாளியின் சரக்கைத் தன் கடையில் வைத்து முதலாளிக்காக விற்றுக் கொடுப்பார், விற்றதற்குக் கமிஷன் எடுத்துக்கொள்வார். விற்காதது திரும்ப ஈரோட்டுக்கே வரும். இதைத்தான் வியாபாரிகள் கன்சைன்மென்ட் என்கிறார்கள். வணிகவியல் பாடநூல்களில் அனுப்பீடு என்று பெயர். அனுப்புகிறவர் அனுப்புநர், பெற்றுக்கொண்டு விற்பவர் பெறுநர்.

அடுத்த நாள் காலையில் ஈரோட்டுக் கடையில் கணக்கு எழுத வரும் பையன் என்ன எழுத வேண்டும்? தப்பு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. சரக்கு குடோனை விட்டுப் போய்விட்டது, எல்.ஆர். கையில் இருக்கிறது, பெற்றவர் பெயரும் தெரியும். எனவே திருநெல்வேலிக்காரர் பெயரில் பற்று எழுதி விற்பனையில் வரவு வைத்துவிடலாம் என்று தோன்றும். அப்படி எழுதினால் இன்னும் ஒரு பெட்ஷீட்கூட விற்காத நிலையில் ஆயிரத்துக்கும் லாபம் வந்துவிட்டதாகக் கணக்கு காட்டும். அண்ணாச்சி வாங்காத சரக்குக்குக் கடன்காரர் ஆகிவிடுவார்.

உண்மையில் நடந்தது ஒன்றுதான். முதலாளியின் சரக்கு ஒரு குடோனிலிருந்து இன்னொரு குடோனுக்கு இடம் மாறியிருக்கிறது. அது இன்னும் அவருடைய சொத்து. தீப்பிடித்தால் அவருக்கு நஷ்டம், விலை ஏறினால் அவருக்கு லாபம். ஆகவே அண்ணாச்சியின் பெயரைத் தொடாமல், 'திருநெல்வேலி அனுப்பீட்டுக் கணக்கு' என்று பேரேட்டில் ஒரு தனிப் பக்கம் திறந்து, போன சரக்கின் அடக்க விலையை அதில் பற்று எழுத வேண்டும். இந்தப் பக்கம் ஒரு சின்ன லாப நட்டக் கணக்கு மாதிரி. இந்த ஒரு சரக்குப் போக்கில் என்ன கிடைத்தது என்பதை மட்டும் அது சொல்லும். மதுரைக்கு வேறொரு லோடு போனால் அதற்கு வேறு பக்கம்.

உதாரணத்துக்கு எண்களை வைத்துப் பார்ப்போம். வரியை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். அது தனிக் கதை, பின்னால் வரும்.

பெட்ஷீட் ஒன்றின் அடக்கம் 200 ரூபாய். ஆயிரத்துக்கு 2,00,000. பேல் கட்டியது, ஏற்று கூலி, லாரி வாடகை, குடோன் முதல் குடோன் வரையிலான காப்பீடு எல்லாம் சேர்ந்து ஈரோட்டில் 10,000 செலவு. திருநெல்வேலி லாரி ஆபீசில் இறக்கி, வேனில் ஏற்றி, கடைக்குக் கொண்டுபோய் அடுக்கியதற்கு அண்ணாச்சி 5,000 கொடுத்திருக்கிறார். ஆக, பெட்ஷீட் அண்ணாச்சியின் அலமாரியை எட்டியபோது ஒன்றின் அடக்கம் 200 அல்ல, 215 ரூபாய். இந்த 215-ஐ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மீதி எல்லாக் கணக்கும் இதைச் சுற்றித்தான்.

சரக்கு வந்து சேர்ந்த அன்றே அண்ணாச்சி 80,000 ரூபாய் ஈரோட்டுக்கு அனுப்பிவிடுகிறார். இது விற்ற பணம் அல்ல, முன்பணம். முதலாளியின் லட்சங்கள் தன் கடையில் முடங்கிக் கிடக்கின்றன என்பதற்காக ஒரு நம்பிக்கைக்குக் கொடுப்பது. இதை விற்பனையில் வரவு வைப்பதும் வழக்கமாக நடக்கும் தப்புதான். அண்ணாச்சியின் சொந்தக் கணக்கில் வரவு வைத்து, கடைசியில் கழித்துக்கொள்ள வேண்டும்.

லாரி ஆபீசிலிருந்து கடைக்குப் போகும் வழியில் நல்ல மழை. வேனின் தார்ப்பாய் கிழிந்திருந்ததால் மேலே கிடந்த ஒரு பேல் நனைந்து சாயம் ஓடிவிட்டது. ஐம்பதில் பத்துதான் தேறியது, நாற்பது வீண். மிச்ச சரக்கு கடைக்குள் போனது. தீபாவளி முடிந்து, பொங்கலும் முடிந்து, மார்ச் கடைசியில் அண்ணாச்சி ஒரு தாள் அனுப்புகிறார். கன்சைன்மென்ட் வியாபாரத்தின் உயிர்நாடி அந்தத் தாள்தான். விற்பனை அறிக்கை என்று பெயர். அது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

ரொக்க விற்பனை: 600 பெட்ஷீட், ஒன்று 300 வீதம் 1,80,000
கடன் விற்பனை: 200 பெட்ஷீட், ஒன்று 310 வீதம் 62,000
மொத்த விற்பனை: 2,42,000
கழிக்க: இறக்கு கூலி, வேன் வாடகை 5,000
கழிக்க: குடோன் வாடகை, விளம்பரம் 10,000
கழிக்க: கமிஷன் 5 சதவீதம் 12,100
கழிக்க: கடன் பொறுப்புக் கமிஷன் 2 சதவீதம் 4,840
கழிக்க: ஏற்கெனவே அனுப்பிய முன்பணம் 80,000
அனுப்ப வேண்டிய பாக்கி: 1,30,060
கையிருப்பு: 160 பெட்ஷீட். நனைந்து வீணானது: 40.

இந்தத் தாள் கைக்கு வந்த பிறகுதான் முதலாளி விற்பனையை எழுத முடியும். 2,42,000 ரூபாய்க்கு அண்ணாச்சி இப்போது கடன்காரர் ஆகிறார், அனுப்பீட்டுக் கணக்கில் அது வரவாகிறது. அண்ணாச்சி செய்த செலவும் எடுத்துக்கொண்ட கமிஷனும் அனுப்பீட்டுக் கணக்கில் பற்று, அண்ணாச்சியின் பெயரில் வரவு. தாளில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பேரேட்டில் இரண்டு இடம் உண்டு.

விற்காமல் கிடக்கும் 160 பெட்ஷீட்டுக்கு என்ன விலை போடுவது என்பதில்தான் தேர்வு எழுதும் மாணவர்களும் வழுக்குகிறார்கள், பழுத்த வியாபாரிகளும் வழுக்குகிறார்கள். விற்கும் விலை 300 என்பதற்காக 300 போட முடியாது, லாபம் இன்னும் வரவில்லை. வாங்கிய விலை 200 போட்டால் அதுவும் சரியில்லை. அந்த 160-ஐயும் திருநெல்வேலிவரை கொண்டுபோய்ச் சேர்க்கப் பணம் செலவாகியிருக்கிறது. சரக்கை விற்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை ஆன செலவெல்லாம் சரக்கின் விலையோடு சேரும். சேர்ந்த பிறகு ஆகும் குடோன் வாடகையும் விளம்பரமும் கமிஷனும் சேராது, அவை விற்பதற்கான செலவு, அந்தந்த வருடத்தோடு போய்விடும். ஆகவே 160-ஐ 215-ஆல் பெருக்கினால் 34,400. இதுதான் இருப்பு. சந்தையில் பெட்ஷீட் விலை விழுந்து, இனி செலவு போக 190-தான் தேறும் என்ற நிலை வந்தால் 215 செல்லாது, 190-தான் போட வேண்டும்.

நனைந்த நாற்பதும் இதே தராசில்தான் ஏறும். கூலியும் வாடகையும் கொடுத்து வந்த சரக்கு அது, 40-ஐ 215-ஆல் பெருக்கினால் 8,600 நஷ்டம். இதை அனுப்பீட்டுக் கணக்கிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். தார்ப்பாய் கிழிந்தது பெட்ஷீட் வியாபாரத்தின் குற்றம் அல்ல. திருநெல்வேலியில் பெட்ஷீட் விற்பது லாபமா என்று அறியும் கணக்கில் மழை நஷ்டத்தைக் கலந்தால், அடுத்த வருடம் சரக்கு அனுப்பலாமா என்ற முடிவே தப்பாகிவிடும். காப்பீட்டுக் கம்பெனி சர்வேயரை அனுப்பிப் பார்த்து 6,000 கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 2,600 முதலாளியின் பொதுவான லாப நட்டக் கணக்குக்கு நஷ்டமாகப் போகும்.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். பற்றுப் பக்கம்: சரக்கு 2,00,000, ஈரோட்டுச் செலவு 10,000, அண்ணாச்சியின் செலவு 15,000, இரண்டு கமிஷனும் சேர்ந்து 16,940. மொத்தம் 2,41,940. வரவுப் பக்கம்: விற்பனை 2,42,000, நனைந்த சரக்கு 8,600, இருப்பு 34,400. மொத்தம் 2,85,000. வித்தியாசம் 43,060. திருநெல்வேலி லோடு சம்பாதித்துக் கொடுத்தது அவ்வளவுதான்.

சரிதானா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. விற்றது 800, அடக்கம் 215 வீதம் 1,72,000. விற்பனையில் அதைக் கழித்தால் 70,000. வாடகை, விளம்பரம் 10,000 போக 60,000. கமிஷன் 16,940 போக 43,060. இரண்டும் பொருந்தவில்லையென்றால் பெரும்பாலும் இருப்பின் மதிப்பில்தான் பிசகியிருக்கும்.

எல்லா நஷ்டமும் மழை நஷ்டம் மாதிரி வெளியே எடுக்க வேண்டியது அல்ல. வற்றல் மிளகாய் அனுப்புகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். ஆயிரம் கிலோ மிளகாயைக் கூலி, வாடகையோடு 1,96,000 ரூபாய்க்குக் கொண்டுபோய் இறக்கினால், கிடங்கில் காய்ந்து எடை குறைந்து 980 கிலோவாக நிற்கும். இருபது கிலோவை யாரும் திருடவில்லை, மிளகாயின் குணமே அதுதான். கற்பூரமும் வெல்லமும் இப்படித்தான். இந்த இருபது கிலோவுக்குத் தனியாக நஷ்டம் எழுதக் கூடாது. 1,96,000-ஐ 980-ஆல் வகுத்தால் கிலோ 200 ரூபாய். அதையே மிச்ச சரக்கின் அடக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டும். தவிர்க்க முடியாத இழப்பை நல்ல சரக்கே சுமக்கும், தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு தனியாக நிற்கும். எது எந்த வகை என்பதில்தான் சண்டை வரும். இருபது கிலோ வற்றுவது வழக்கம் என்றால் அறுபது கிலோ குறைந்தது எப்படி என்று அனுப்பியவர் கேட்க வேண்டிய கேள்வி அது. வழக்கமான அளவை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு.

அறிக்கையில் கமிஷன் இரண்டு வரியாக இருந்ததைக் கவனித்திருக்கலாம். ஐந்து சதவீதம் விற்றுக் கொடுத்ததற்குக் கூலி. இரண்டாவது வரியில் இருக்கும் இரண்டு சதவீதம் வேறு வகை. அண்ணாச்சி 62,000 ரூபாய்க்குக் கடனுக்கு விற்றிருக்கிறார். யாருக்குக் கடன் கொடுத்தார் என்பது முதலாளிக்குத் தெரியாது, அந்தக் கடைக்காரர்களை அவர் பார்த்ததும் இல்லை. அதனால் ஓர் ஏற்பாடு: மொத்த விற்பனையில் இரண்டு சதவீதம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், கடன் வராவிட்டால் அது உங்கள் பொறுப்பு. பாடநூல்களில் டெல் கிரெடியர் கமிஷன் என்று வருவது இதுதான்.

இதன் விளைவு கணக்கில் அழகாகத் தெரியும். கடன் வாங்கிய கடைகளில் ஒன்று, முப்பது பெட்ஷீட் எடுத்த கடை, இழுத்து மூடப்பட்டு 9,300 ரூபாய் வராமல் போனது என்று வையுங்கள். முதலாளியின் புத்தகத்தில் ஒரு வரிகூட மாறாது. அவருக்கு வர வேண்டிய 1,30,060 அப்படியே வரும். நஷ்டம் அண்ணாச்சியின் புத்தகத்தில். 4,840 வாங்கியவர் 9,300 இழந்தார். அந்த இரண்டு சதவீதம் பேசாமல் விட்டிருந்தால் 9,300-ம் ஈரோட்டு அனுப்பீட்டுக் கணக்கில் வாராக்கடனாகப் பற்றெழுத வேண்டியிருக்கும், கமிஷன் மிச்சமாகும் 4,840-ஐவிட நஷ்டம் அதிகம். ஒன்று மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். கடைக்காரரால் கொடுக்க முடியாமல் போனால்தான் இந்தப் பொறுப்பு. சாயம் போகிறது, நீளம் குறைகிறது என்று சரக்கைக் குறை சொல்லிப் பணத்தை நிறுத்தினால் அது முதலாளியின் தலைவலி, ஏஜென்ட்டின் தலையில் கட்ட முடியாது.

சில முதலாளிகள் இன்னொரு வேலை செய்வார்கள். அனுப்பும்போது கூடவே போகும் தாளில் அடக்கம் 200 என்று எழுத மாட்டார்கள். 250 என்று எழுதுவார்கள். தன் லாபம் எவ்வளவு என்று ஏஜென்ட்டுக்குத் தெரிந்தால் கமிஷனை உயர்த்திக் கேட்பார் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. குறைந்தபட்சம் எந்த விலைக்கு மேல் விற்க வேண்டும் என்று சொல்லாமல் சொல்வதும் ஆகும். இதில் குற்றம் இல்லை. ஆனால் தன் புத்தகத்திலும் 250-ஐயே எழுதிக்கொண்டு போனால், மார்ச் 31 அன்று கிடக்கும் 160 பெட்ஷீட்டின் மதிப்பில் ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாய் வராத லாபம் ஒளிந்திருக்கும். 8,000 ரூபாய். அதை எடுத்துக் கழித்தால்தான் பழைய 34,400 கிடைக்கும். முதலாளி மற்றவரிடம் மறைக்கச் செய்த வேலையில் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் இடம் இது.

அண்ணாச்சியின் புத்தகத்தையும் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஆயிரம் பெட்ஷீட் வந்ததற்குக் கொள்முதல் பதிவே இருக்காது. சரக்குப் பதிவேட்டில் எண்ணிக்கை மட்டும் இருக்கும். விற்ற பணம் வந்தால் ஈரோட்டு முதலாளி பெயரில் வரவு. அவருடைய சொந்த வருமானம் 16,940 மட்டுமே, 2,42,000 அல்ல. மார்ச் 31 அன்று தன் கடையில் கிடக்கும் 160-ஐத் தன் இருப்பில் சேர்த்துக் காட்டவும் அவருக்கு உரிமை இல்லை. சேர்த்துக் காட்டி வங்கியில் சரக்கின் மேல் கடன் வாங்கினால், அடுத்தவர் பொருளை அடகு வைத்த கதைதான்.

இந்த இடத்தில் சட்டம் உள்ளே வருகிறது. அண்ணாச்சி நொடித்துப்போனால் விற்காத பெட்ஷீட் முதலாளியுடையது, மற்றக் கடன்காரர்கள் பங்கு கேட்க முடியாது. கேட்பதற்குக் காரணம் இல்லாமல் இருக்க, சரக்கு தனியாக அடுக்கப்பட்டு, யாருடையது என்று பதிவேட்டில் தெளிவாக இருக்க வேண்டும். ஆனால் விற்று முடிந்த பணம் அண்ணாச்சியின் பொது வங்கிக் கணக்கில் கலந்துவிட்டால் அது என்னுடையது என்று பிரித்துக் காட்டுவது கடினம். இன்னொரு பக்கம், அண்ணாச்சி சொன்ன விலைக்குக் கீழே விற்றுவிட்டார் என்பதற்காக வாங்கிய வாடிக்கையாளர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. வழக்கமான வியாபாரத்தில், உள்விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. முதலாளி தன் நஷ்டத்தை ஏஜென்ட்டிடம்தான் கேட்க வேண்டும். ஏஜென்ட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. கமிஷனும் செலவும் வராதவரை கையில் இருக்கும் சரக்கைப் பிடித்து வைத்துக்கொள்ள 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது.

இதோடு ஒரு வியாபாரத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கும் வார இதழ்கள் விற்காவிட்டால் திரும்பிப் போகின்றன. பார்க்கக் கன்சைன்மென்ட் மாதிரியே இருக்கும். விற்றால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் திருப்பு என்ற நிபந்தனையோடு சரக்கை எடுப்பவர், அதை ஏற்றுக்கொண்ட நிமிடத்திலிருந்து வாங்கியவர் ஆகிறார், தன் சொந்தச் சரக்காக விற்கிறார். ஏஜென்ட் ஒருபோதும் வாங்கியவர் ஆவதில்லை. ஒப்பந்தத் தாளில் என்ன தலைப்புப் போட்டிருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. விற்காத சரக்குக்கு யார் பணம் கொடுக்க வேண்டும், திருப்பி அனுப்பச் சொல்ல யாருக்கு உரிமை, இந்த இரண்டையும் கேட்டால் தெரிந்துவிடும்.

தெரியாமலோ தெரிந்தோ இதில் கோட்டை விட்டவர்கள் சின்னக் கடைக்காரர்கள் மட்டும் அல்ல. அமெரிக்காவின் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குயிப் மருந்துக் கம்பெனி, 2000, 2001 ஆண்டுகளில் தன் பெரிய மொத்த விற்பனையாளர்களுக்குத் தேவைக்கு மேல் மருந்தைத் தள்ளியது. சரக்கை வைத்திருக்கும் செலவையும் தானே ஏற்றுக்கொண்டு, போட்ட முதலுக்கு லாபமும் உறுதி செய்தது. எல்லாம் விற்பனையாகவே கணக்கில் ஏறியது. அப்படி உத்தரவாதம் கொடுத்து அனுப்பிய சரக்கு கன்சைன்மென்ட்தானே ஒழிய விற்பனை அல்ல என்றது அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம். தவறாகக் காட்டிய விற்பனை ஏறத்தாழ 150 கோடி டாலர். 2004 ஆகஸ்டில் அந்தக் கம்பெனி 15 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. ஈரோட்டுக் கடையின் கணக்குப் பையன் முதல் நாள் காலையில் செய்திருக்கக்கூடிய அதே தப்புதான், பின்னால் சில பூஜ்யங்கள் அதிகம்.

நம் நாட்டுக் கணக்கு விதிகளும் இதையே சொல்கின்றன. கன்சைன்மென்ட்டில் போன சரக்கு மூன்றாவது ஆளுக்கு விற்கும்வரை வருமானமாக எழுதக் கூடாது என்கிறது இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் ஒன்பதாவது கணக்கியல் தரநிலை.

இதுவரை ஒதுக்கி வைத்த வரிக்கு வருவோம். சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் இங்கே கணக்குப் புத்தகத்துக்கு நேர் எதிராக நடக்கிறது. முதலாளி ஏஜென்ட்டுக்குச் சரக்கு அனுப்பினால், பணம் எதுவும் கைமாறாவிட்டாலும் அதை வழங்கலாகக் கருத வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் முதலாம் அட்டவணையில் சொல்கிறது. எல்லா ஏஜென்ட்டுக்குமா என்ற கேள்வி எழுந்தபோது, 2018 செப்டம்பர் 4-இல் வந்த சுற்றறிக்கை ஓர் எளிய சோதனையைக் கொடுத்தது. வாடிக்கையாளருக்குப் போகும் பில் யார் பெயரில்? ஏஜென்ட் தன் பெயரில் பில் போட்டால், ஈரோட்டிலிருந்து சரக்கு கிளம்பும்போதே வரி. முதலாளியின் பெயரில் பில் போட்டால் ஏஜென்ட்டுக்கு அனுப்பியது வழங்கல் ஆகாது.

அண்ணாச்சி தன் பெயரில் பில் போடுகிறவர் என்றால், முதலாளி ஆயிரம் பெட்ஷீட்டுக்கும் வரி பில் போட்டாக வேண்டும். எந்த விலைக்கு? சந்தை விலைக்குப் போடலாம். அல்லது ஏஜென்ட் இதே மாதிரிச் சரக்கை உறவில்லாத வாடிக்கையாளருக்கு விற்கும் விலையில் 90 சதவீதத்துக்குப் போடலாம். அவர் 300-க்கு விற்றால் 270. அண்ணாச்சி அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொண்டு, தான் விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்வார். விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இப்படிப்பட்ட ஏஜென்ட் வரிப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

இதன் விளைவைப் பாருங்கள். புரட்டாசியில் கிளம்பிய சரக்குக்கு வரி உடனே கட்ட வேண்டும், பணம் பங்குனியில் வரும். வரி ரிட்டர்னில் ஆயிரம் பெட்ஷீட் வெளியே போனதாக இருக்கும், லாப நட்டக் கணக்கில் 800 மட்டுமே விற்றதாக இருக்கும். இரண்டும் பொருந்தாதுதான், பொருந்தக் கூடாதுதான். இந்த வித்தியாசத்தைப் பார்த்துப் பயந்து, ரிட்டர்னோடு ஒத்துப்போகட்டும் என்று 200-ஐயும் விற்பனையில் சேர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பழைய குழியில் புது வழியாக விழுவது. வித்தியாசம் ஏன் வந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதி, விற்பனை அறிக்கையோடு சேர்த்து ஆடிட்டரிடம் கொடுத்தால் போதும்.

ஏஜென்ட் ஒருவர் தவறாக நடக்கிறாரா என்பது கணக்கில் முன்கூட்டியே தெரியும். விற்பனை அறிக்கை மாதாமாதம் வந்துகொண்டிருந்தது மூன்று மாதத்துக்கு ஒன்றாகக் குறையும். அனுப்பிய எண்ணிக்கையிலிருந்து விற்றதையும் வீணானதையும் கழித்தால் கிடைக்க வேண்டிய இருப்பு அறிக்கையில் இருக்காது, 'சுமார்' என்று எழுதியிருக்கும். சந்தையில் சரக்கு வேகமாகப் போகிறது என்று காதில் விழும், அறிக்கையில் இருப்பு அசையாது. விற்ற பணத்தை வேறு இடத்தில் சுற்றவிட்டிருக்கலாம் என்பதற்கு அதுதான் முதல் அடையாளம்.

ஆகவே ஏஜென்ட் வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் மூன்று காரியங்களை விடாமல் செய்ய வேண்டும். கமிஷன் விகிதம், கடன் பொறுப்பு யாருடையது, பில் யார் பெயரில் என்பதை முதல் லோடு கிளம்பும் முன் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விற்பனை அறிக்கைக்கு மாதத்தில் ஒரு தேதி வையுங்கள். மார்ச் 31 அன்று நீங்களோ உங்கள் ஆளோ நேரில் போய் ஏஜென்ட்டின் குடோனில் கிடக்கும் சரக்கை எண்ணி, அந்த எண்ணிக்கையில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை ஈரோட்டுக்கு எடுத்து வாருங்கள்.